காரில் வெளியூர் கிளம்பும் முன்... கண், காது, மூக்கு மூன்றுக்கும் வேலை கொடுங்கள்!

லீவு விட்டாச்சு. ரூம் புக் பண்ணியாச்சு. முறுக்கு, புளியோதரை, குட்டீஸ்களுக்கு வாந்தி மாத்திரை என எல்லாவற்றுக்கும் லிஸ்ட் ரெடி. ஆனால், இவ்வளவையும் சுமந்துகொண்டு போகப்போகும் காருக்கு? பெரும்பாலான வீடுகளில் கிளம்புகிற அன்று காலையில் கண்ணாடியைத் துடைத்து, பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிப்பதோடு சரி.

அங்கேதான் சிக்கல். கார் திடீரென்று மக்கர் செய்வது குறைவு. சில நாள்களுக்கு முன்பிருந்தே சத்தமாகவோ, வாசனையாகவோ, ஒரு சின்னக் கறையாகவோ ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கவனிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஏன் ஒரு வாரம் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

சென்னையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். வெள்ளிக்கிழமை விடியற்காலை கொடைக்கானலுக்குக் கிளம்புவதாகத் திட்டம். திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாகச் சுமார் 500 கிலோமீட்டருக்கும் மேல். கடைசிப் பகுதி முழுக்க மலைப்பாதை. முந்தைய சனிக்கிழமை காலையிலேயே பரிசோதனையைத் தொடங்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை: கண்ணுக்கு வேலை

முதல் விதி, காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரவு முழுக்க நின்று, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் ஆயில், கூலன்ட், டயர் காற்று மூன்றுமே சரியான அளவைக் காட்டும்.

பானட்டைத் திறந்ததும் கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா அது. பக்கத்தில் MIN, MAX என்று இரண்டு கோடுகள் இருக்கும். இந்தக் குடும்பத்தின் காரில் அளவு MIN கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அப்பா அதே வகைக் கூலன்ட் வாங்கி ஊற்றுகிறார். ஆனால், அதோடு விடவில்லை. எந்த அளவு வரை ஊற்றினாரோ, அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கிறார். இந்தக் கோடுதான் பிறகு அவர்கள் பயணத்தைக் காப்பாற்றப்போகிறது.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ, கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர், அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்த அடுத்த நொடி பொங்கி முகத்தில் அடிக்கும்.

அடுத்து பிரேக் ஆயில். இதுவும் MIN கோட்டை நெருங்கியிருக்கிறது. இங்கே பலரும் செய்யும் தப்பு, உடனே ஒரு பாட்டில் வாங்கி நிரப்பிவிடுவது. பிரேக் பேடு தேயத் தேய, டப்பாவில் ஆயில் மட்டம் தானாகவே இறங்கும். அதாவது, மட்டம் குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. நிரப்பிவிட்டால் அந்தத் துப்பு மறைந்துவிடும். முதலில் பேடைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் உள்பக்கம் பிசுபிசுப்பாக ஈரம் தெரிந்தால், அந்தக் காரை ஓட்டவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

டயரில் நான்கு எண்கள்

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். ஒருபக்கம் தெரியவில்லையென்றால் மறுபக்கம் இருக்கும். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், வயதான ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் விடும். வெயில் காலத்தில், முழு பாரத்தோடு ஹைவேயில் பல மணி நேரம் ஓடும்போது அதுதான் வெடிக்கும் டயர்.

பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அதற்குமேல் மாற்றியே ஆக வேண்டும். முன்சக்கரங்களைப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் டயர், உள் ஓரத்தில் மொட்டையாகியிருக்கும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவாக ஓடிய டயர். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பக்கவாட்டில் கொப்புளம்போலப் புடைத்திருந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு காற்று? டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று இரண்டு, மூன்று பேர் போவதற்கு. மற்றொன்று முழு பாரத்துக்கு. ஐந்து பேரும் பெட்டிகளும் போகும்போது இரண்டாவது கணக்கைத்தான் பிடிக்க வேண்டும். டயரின் மேலேயே எழுதியிருக்கும் எண், அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அது உங்கள் காருக்கான அளவல்ல.

கடைசியாக ஸ்டெப்னி. இந்தக் குடும்பத்தின் ஸ்டெப்னியில் இருந்தது 12 பி.எஸ்.ஐ. பஞ்சரான டயருக்குப் பதில் இன்னொரு பஞ்சர் டயர்! ஜாக்கி, வீல் ஸ்பானர் இரண்டும் இருக்கின்றனவா என்றும், நட்டுகள் அந்த ஸ்பானரால் கழற்ற வருகின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: காதுக்கு வேலை

பாட்டு வேண்டாம், ஏசி வேண்டாம். காலை ஆறு மணிக்கு, தெரு அமைதியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் இழுத்து இழுத்து, சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி பலவீனமாகிறது. ஸ்டார்ட் ஆனதும் 'கீஈஈ' என்று கத்திவிட்டு அடங்கினால், பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம்.

பிறகு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக் டக்' என்று கேட்டால் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் ஆக்சில் ஜாயின்ட் போகப்போகிறது. நேர்ச்சாலையில் 'உம்ம்ம்' என்று ஒரு முனகல், வேகம் கூடக்கூட அதுவும் கூடினால் வீல் பேரிங்.

பின்சீட்டில் இருந்த மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள்: "அப்பா, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் விசில் மாதிரி கேக்குது." பல கார்களின் பிரேக் பேடில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி, மெல்லிய கீச் சத்தம் எழுப்பும்; 'என்னை மாற்று' என்று சொல்வதற்காகவே வைத்த தகடு. அதையும் கவனிக்காமல் விட்டால், அடுத்து வருவது 'கர்ர்ர்' என்று இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம். அப்போது டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். சனிக்கிழமை பார்த்த பிரேக் ஆயில் குறைவுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது முன்பக்கப் பேடில் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். மலை இறங்கும் பயணத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன பேடை நம்பக் கூடாது.

பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால், அதையும் மாற்றிவிடுவது நல்லது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

செவ்வாய்க்கிழமை: மூக்குக்கு வேலை

ஆபீஸிலிருந்து திரும்பிய காரின் பக்கத்தில் நின்ற அம்மா கேட்கிறார்: "என்னங்க, ஏதோ இனிப்பா, பாகு மாதிரி வாசனை வருதே?"

கூலன்ட்டின் வாசனை அது. மறுநாள் காலை பார்த்தால், மார்க்கர் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை அளவு இறங்கியிருக்கிறது. ஆனால், இரவு காருக்கு அடியில் விரித்து வைத்த அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை! காரணம் இதுதான். இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும் கூலன்ட், சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடும். தரைக்கு வராது, வாசனையாக மட்டும் வரும்.

மெக்கானிக் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார். மேல் ஹோஸ், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் வெடித்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளையாகக் காய்ந்த கறை. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றுகிறார். ஊருக்குள் 10 கிலோமீட்டர் ஓட்டும்வரை தாக்குப்பிடித்த அந்த ஹோஸ், ஐந்து பேரோடு ஏசி போட்டு மலையேறும்போது பிளந்திருக்கும். சனிக்கிழமை ஊற்றி, கோடு போடாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வாரம் முன்பே ஏன் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். குறைகிறதா இல்லையா என்பதை ஒரே நாளில் சொல்ல முடியாது.

ஹோஸ் எதுவும் கசியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே இருந்தால், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருகிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குள்ளேயே கூலன்ட் எரிகிறது. அந்தக் காரில் பயணம் வேண்டாம்.

மற்ற வாசனைகள்? பெட்ரோல் வாடை தொடர்ந்து அடித்தாலோ, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகை வாடை காருக்குள்ளேயே அடித்தால் ஜன்னலைத் திறந்து ஓட்டிச் சமாளிக்காதீர்கள். சைலன்சர் ஓட்டையிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வியாழக்கிழமை மாலை: கடைசிப் பார்வை

- கூலன்ட், மார்க்கர் கோட்டிலேயே நிற்கிறதா? இதை மட்டும் காலையிலேயே, இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்துவிடுங்கள்.
- ஏசி போட்டு நிறுத்தி வைத்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா?
- இன்ஜின் ஓடும்போது பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் கிளம்பாதீர்கள்.
- வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில், முழு பார அளவுக்குக் காற்று. ஸ்டெப்னிக்கும் சேர்த்து.
- ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர். பிரேக் லைட்டைப் பார்க்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

வழியில் டயர் சூடேறிக் காற்றளவு கூடியிருப்பதாகக் காட்டினால், இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் தானாகக் குறையும். திரும்பி மலையிறங்கும்போது, ஏறிய அதே சின்ன கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் பிரேக் கொதிக்கிறது. அகலமான இடத்தில் ஓரங்கட்டி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும். அந்த இடைவெளியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்!