கூடத்துக்கு எத்தனை வாசல்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து மலை ஏறி இறங்கினால் பாலிக் புலாவ். தென்னைக்கும் பழமரங்களுக்கும் நடுவே, கால்களின் மேல் நிற்கும் பழைய மரவீடுகளை இங்குள்ள மலாய்க் கம்பங்களில் இன்னும் பார்க்கலாம். முன்படி ஏறினால் முதலில் கூரையிட்ட சிறு முகப்பு, அஞ்சோங். அடுத்து நீண்ட தாழ்வாரம், செராம்பி. அதற்கும் உள்ளே வீட்டின் பெரிய கூடம், ரூமா ஈபு. அதன் தரைப்பலகை செராம்பியைவிடச் சற்று உயர்ந்திருக்கும். வெளியாளான ஆண் விருந்தாளி பெரும்பாலும் செராம்பியோடு நின்றுவிடுவார். காப்பி அங்கேயே வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் இந்தப் படியைத் தேடி வருவதில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு படி உண்டு. சமையற்கட்டான டாப்பூரையும் பெரிய கூடத்தையும் இணைக்கும் செலாங் என்ற இடைவழியில் ஏறி, அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவாள். வேண்டுமென்றால் கூடத்துக்குள்ளும் போவாள். ஆண் விருந்தாளிக்குக் கூடம் மூன்றாவது வாசல், அதுவும் எட்டாத வாசல். அவளுக்கோ அது இரண்டாவது.

இப்படி வாசல்களை எண்ணுவது ஓர் ஆய்வுமுறை. லண்டனைச் சேர்ந்த பில் ஹில்லியரும் ஜூலியென் ஹேன்சனும் 1984இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக வகுத்தார்கள். வீட்டின் நீள அகலத்தை மறந்துவிட வேண்டும். ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளி, இரண்டு அறைகளுக்கு இடையே கதவு இருந்தால் ஒரு கோடு. தெருவைப் பூஜ்யமாக வைத்து, ஓர் அறையை எட்டக் குறைந்தபட்சம் எத்தனை கோடு கடக்க வேண்டும் என்று எண்ணினால் அதுவே அந்த அறையின் ஆழம். அடிக்கணக்கில் தெருவை ஒட்டியிருக்கும் அறைகூட இந்தக் கணக்கில் ஆழத்தில் கிடக்கலாம். அந்நியர் எதுவரை, வீட்டார் எதுவரை என்பது பல வீடுகளில் இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைத் தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரஹார வீட்டில் போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்த வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொண்டு தெருவில் குறுகலாக நிற்கும். உள்ளே ரயில் பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும். திண்ணை ஒன்று, ரேழி இரண்டு, முற்றத்தோடு கூடிய கூடம் மூன்று, அடுக்களை நான்கு, கொல்லை ஐந்து. சாதியொத்த விருந்தாளி கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுவார். குத்தகைக் கணக்குப் பேச வந்த குடியானவருக்குத் திண்ணையோடு சரி. அடுக்களையில் வீட்டுப் பெண்களைத் தவிர மற்றவர்க்கு வேலை இல்லை. ஆழம் கூடக் கூட ஆசாரமும் கூடுகிறது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது என்றுதான் தோன்றும்.

கொல்லைப்புறமாக வந்தால் பொருந்தாது. கொல்லைக்குப் பின்னால் சந்தோ வாய்க்கால் கரையோ இருக்கும். அங்கிருந்து எண்ணினால் கொல்லை ஒன்று, அடுக்களை இரண்டு. வீட்டிலேயே மிகத் தூய்மையானது என்று காக்கப்படும் அறை, பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தெருவுக்கு மிக அருகில் இருக்கிறது! கழிவு எடுக்க வந்தவரும் கட்டை பிளக்க வந்தவரும் அந்தப் பின்வழியாகத்தான் வந்தார்கள். தெருவாசலில் திண்ணையைக்கூட மிதிக்க முடியாதவர், இங்கே அடுக்களைச் சுவருக்குச் சில அடி தள்ளி நின்றார். அவரை நிறுத்தியது கதவு அல்ல, தீட்டு. வீட்டுப் பெண்ணுக்கும் இதே கதவில் இதே சட்டம் இருந்தது. அவள் ஆளும் அடுக்களைதான். ஆனால் வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் அவள் கொல்லைப்பக்கத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கூலியாளை ஆண்டு முழுக்க நிறுத்திய கோடு, அவளை மாதத்தில் மூன்று நாள் நிறுத்தியது.

இதனால்தான் வெறும் வரைபடத்தை வைத்து எண்ணுவது போதாது என்கிறேன். ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு படம் வரைய வேண்டும். விருந்தாளிக்கு ஒன்று, குத்தகைக்காரருக்கு ஒன்று, மருமகளுக்கு இரண்டு. பாலிக் புலாவ் வீட்டிலும் இரண்டு வழி, தஞ்சாவூர் வீட்டிலும் இரண்டு வழி. கோடுகளாக வரைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வளையம். அங்கே பின்படி பெண்களுக்குக் குறுக்குவழியாகிறது. இங்கே கொல்லைக்கதவு பெண்ணையும் கூலியாளையும் ஒரே பக்கம் ஒதுக்குகிறது. மலாய்க் கம்பத்தில் சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று சொல்லவில்லை. ஆண் பெண் பிரிவு அங்கேயும் பலகை உயரத்திலேயே இருக்கிறது. தொட்டால் தீட்டு என்பதுதான் இல்லை.

வீட்டை விட்டு ஊருக்கு வந்தாலும் இதே கதைதான். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் இட்டு 1965இல் நூல் வெளியிட்டார். அக்ரஹாரம், குடியானத் தெருக்கள், சேரி என மூன்று குடியிருப்புகள். அவர் அக்ரஹாரத்தில் தங்கினார். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை; அங்கிருந்து கிடைத்த தகவல் குறைவு என்று அவரே எழுதியிருக்கிறார். ஆய்வாளருக்கும் ஊர் ஒரு படத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. அவருக்குப் பத்தாண்டு முன்பு அதே மாவட்டத்தில் ஆய்ந்த கேத்லீன் கஃப், இந்தத் தடை இருபக்கமும் வெட்டியதைப் பதிவு செய்தார். பள்ளர் தெருவுக்குள் பிராமணர் நுழைந்தால் அந்தத் தெருவுக்குக் கேடு வரும் என்று நம்பினார்கள். கேட்க இரு தரப்புக்கும் சமமான விதிபோல இருக்கும். ஆனால் கோயிலும் கடைத்தெருவும் நிலமும் யார் பக்கம் இருந்தன என்று பார்த்தால் அந்தச் சமம் கலைந்துவிடும்.

விதி போதவில்லை என்று தோன்றும்போது சுவர் வருகிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் சாதி இந்துக்கள் எழுப்பிய சுவர், தலித் மக்கள் பொதுப் பகுதிகளுக்குப் போகும் வழியை அடைத்தது. படத்தில் ஒரே ஒரு கோட்டை அழித்ததுபோலத்தான். ஆனால் அந்தக் கோட்டை நம்பியிருந்த எல்லா இடமும் ஒரே நாளில் தொலைவாகிவிடும். 2008 மே 6 அன்று அரசு சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது.

மலேசியத் தோட்டங்களுக்குப் போன தமிழருக்கு இந்த வீடும் ஊரும் எதுவும் கிடைக்கவில்லை. லயத்தில் எல்லா அறையும் நேராக வெளியில் திறக்கும். ஆழம் எல்லோருக்கும் ஒன்றே. திண்ணையோ கொல்லையோ இல்லாத இடத்தில் சாதி அறைக்குள் நுழைய வழியில்லை. எனவே போருக்கு முந்திய பல தோட்டங்களில் அது லயங்களுக்கு இடையே போய் நின்றது. ஆதிதிராவிடருக்குத் தனி லயம், மற்றவருக்குத் தனி லயம். நிர்வாகமே அப்படிப் பிரித்துக் கொடுத்தது. பெண்களுக்கும் உள்ளறை என்று ஒன்று இல்லாமல் போனது. விடியற்காலையில் ஆண்களோடு பால்மரம் வெட்டப் போனார்கள். ஆழம் என்று சொல்லத்தக்க ஒரே வீடு மேட்டில் இருந்த துரை பங்களா. அதை எட்ட நீண்ட பாதை, தோட்டம், முன்தாழ்வாரம் எல்லாம் கடக்க வேண்டும். லயத்துப் பெண் அதன் சமையற்கட்டுக்கு வேலைக்குப் போனால் பின்பக்கக் கதவு வழியாகத்தான் போனாள்.