ஸ்கிரேப்பரைத் தளம் ஏன் தடுக்கிறது?

வலைத்தளங்களின் பக்கங்களைத் தானாகவே திறந்து தகவல் சேகரிக்கும் நிரலுக்கு ஸ்கிரேப்பர் என்று பெயர். எழுதுவது எளிது. ஆனால் ஓட விட்ட சில நிமிடங்களிலேயே பல ஸ்கிரேப்பர்களைத் தளம் தடுத்துவிடுகிறது.

காரணம் பெரும்பாலும் வேகம்தான். மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்து, பார்த்து, அடுத்ததைச் சொடுக்கச் சில நொடிகளாவது ஆகும். இடைவெளி வைக்காத நிரலோ ஒரு நொடியில் பத்துப் பக்கங்களைக் கேட்கும். அத்தனைக்கும் பதில் அனுப்பும் சர்வர், மற்ற வாசகர்களுக்குத் தாமதமாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்று தளம் எண்ணுகிறது. வரம்பு தாண்டினால் அந்த முகவரியை நிறுத்திவைக்கிறது. கல்லூரி விடுதி முழுவதும் ஒரே முகவரியில் இணைந்திருந்தால், ஒரு மாணவரின் நிரலால் எல்லோருக்கும் அந்தத் தளம் திறக்காமல் போகலாம்.

தடை வந்ததைக் குறியெண்கள் காட்டும். 429 என்றால் கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன. 403 என்றால் அனுமதி மறுப்பு. சில தளங்கள் வழக்கமான 200 குறியெண்ணோடு கேப்ட்சா பக்கத்தை அனுப்பும். நிரல் அதையே தகவல் என்று சேமித்துக்கொண்டே போகும். சேமித்த கோப்புகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இலவச மின்நூல்கள் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க்கை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கங்கள் மனிதர்களுக்கானவை. நிரல் வைத்து அள்ளினால் முகவரி தடுக்கப்படும் என்று அந்தத் தளமே எச்சரிக்கிறது. நிரல்களுக்கென்று தனி வழியும் வைத்திருக்கிறது. அதற்குத் தரும் எடுத்துக்காட்டுக் கட்டளையில் இரண்டு நொடி இடைவெளி இருக்கிறது. 900 நூல்கள் வேண்டுமென்றால் காத்திருப்பு மட்டும் 1,800 நொடி, அதாவது அரை மணி நேரம். `wget` கருவியில் இதை இப்படி எழுதலாம்:

```
wget --wait=2 --random-wait முகவரி1 முகவரி2 முகவரி3
```

இரண்டாவது சொல் இடைவெளியை ஒன்று முதல் மூன்று நொடி வரை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் இதே கட்டளையை ஐந்து சன்னல்களில் ஓட்டினால் சர்வருக்கு ஐந்து மடங்கு சுமை. இடைவெளி வைத்ததன் பயன் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு 429 வந்தால் உடனே மறுபடி கேட்கக்கூடாது. பதிலோடு `Retry-After: 120` என்று வந்தால் 120 நொடி காத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 2, 4, 8, 16 நொடி என்று காத்திருப்பை இரட்டித்துப் போகலாம். நாலைந்து முறைக்கு மேல் மறுத்தால் நிரலை நிறுத்திவிடுவதே முறை.

நிதானம் தடையைக் குறைக்கும், அனுமதியைத் தராது. தளத்தின் `robots.txt` கோப்பு வேண்டாம் என்று சொல்லும் பகுதியை, முகவரி மாற்றி மாற்றி எடுக்க முயல்வது தவறு. ஸ்கிரேப்பர் எழுதுகிறவர்கள் முதலில் அந்தக் கோப்பையும் தளத்தின் விதிகளையும் படியுங்கள். பிறகு இடைவெளியைத் தீர்மானியுங்கள்.