ஹையர் பாஸ், ஆனால் கம்ப்யூட்டரில் தோல்வி

சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வேலை முடிந்து அந்தப் பெண் வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆகிவிடும். சாப்பிட்டதும், கடனாக வாங்கிய லேப்டாப்பில் தனி கீபோர்டைச் செருகி உட்காருகிறார். தட்டும் சத்தம் கேட்காமலிருக்க அடியில் மடித்த போர்வை. “ஏட்டி, மணி பன்னெண்டாச்சு, படுக்கலையா?” என்கிறார் அம்மா. “இன்னும் ஒரு பாசேஜ்தாம்மா.”

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சி.எச்.எஸ்.எல். தேர்வில் எழுத்துத்தேர்வைத் தாண்டிவிட்டார். பாக்கி இருப்பது தட்டச்சு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் வேண்டும். பத்து நிமிடத்துக்கு 350 சொல். ஐந்து தட்டல் ஒரு சொல் என்பது கணக்கு. இவரோ இன்ஸ்டிடியூட் மெஷினில் ஹையர் பாஸ் செய்தவர், அதாவது நிமிடத்துக்கு 45 சொல். பிறகு ஏன் தினமும் தோற்கிறார்?

வேகம் குறையவில்லை. 350 சொல் பாசேஜை ஒன்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். ஒருநாள் இரவு அச்சிட்டுப் பேனாவால் குறித்துப் பார்த்தோம். தவறான சொல், விடுபட்ட சொல் என்று முழுப்பிழைகள் 19. இடைவெளிப் பிழைகள் 18. இவை ஒவ்வொன்றும் அரைப்பிழை, ஆக 9. மொத்தம் 28, அதாவது 350-க்கு 8 சதவீதம். அண்மைத் தேர்வுகளில் பொதுப்பிரிவுக்கு விட்ட வரம்பு 7 சதவீதம்தான்.

அந்தப் 18-ம் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விழுந்தவை. மெஷினில் முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு ஸ்பேஸ் தட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு அது பழகிவிட்டது. கம்ப்யூட்டர் பாசேஜில் ஒரு ஸ்பேஸ்தான் இருக்கிறது. அதை மட்டும் விட்டிருந்தால் பிழை 5.4 சதவீதம், தேறியிருப்பார்.

மெஷின் விட்டுச்சென்ற பழக்கம் வேறும் உண்டு. பல பழைய மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கட்டை கிடையாது. சின்ன l எழுத்தைத் தட்டுவார்கள். திரையில் l947 பார்க்க 1947 போலவே இருக்கும், திருத்தும்போது தப்பு. மெஷினுக்கு ஓங்கி அடிக்க வேண்டும்; இங்கே விரலை எடுக்கத் தாமதித்தால் அதே எழுத்து இரண்டாக விழும். வரி முடிவில் மணி அடிக்குமே என்று கை காத்திருப்பதும் வீண். வரி தானாகவே மடங்கிவிடும்.

ஆகவே இப்போது அவர் வேகத்துக்காகப் பயிற்சி செய்வதில்லை. முற்றுப்புள்ளி, ஒரு ஸ்பேஸ், பெரிய எழுத்து என்ற மூன்றை மட்டும் கால்மணி நேரம் மெதுவாகத் தட்டுகிறார். அதற்குப் பிறகுதான் பாசேஜ். நடுவில் பிழை கண்ணில் பட்டால் அதே சொல்லில் இருந்தால் மட்டும் அழிக்கிறார்; தாண்டிவிட்டால் விட்டுவிடுகிறார்.

இந்தத் தட்டச்சுத் தேர்வுக்கான மதிப்பெண் தரவரிசையில் சேராது, தேறினாலே போதும். 45-ல் அடிக்கத் தெரிந்தவர்கள் 38-ல் நிதானமாக அடிப்பதே லாபம்.