போர்வெல் தண்ணீர் அறிக்கையில் எந்த வரியை முதலில் பார்ப்பது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் ஓடியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அவை போகாது. பல் துலக்காததால் வந்த கறையல்ல அது. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்ததன் தழும்பு. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வாடையோ நிறமோ இருக்காது. குடிப்பவர்களும் "எங்க போர் தண்ணி நல்லா இருக்குங்க" என்றே சொல்வார்கள். ஃபுளோரைடு இருப்பதை நாக்கு கண்டுபிடிக்காது. ஆய்வகம் தரும் அறிக்கை ஒன்றுதான் சொல்லும்.

அந்த அறிக்கையைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது டி.டி.எஸ்., அடுத்து கடினத்தன்மை. இரண்டும் வாளியில் உப்புப் படிவதையும் சோப்பு நுரைக்காததையும் விளக்கும். ஆனால் உடலைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு வரிகளில் இருக்கின்றன.

தர்மபுரிப் பக்கத்து வீட்டுப் போர்வெல் ஒன்றுக்கு வரக்கூடிய அறிக்கையை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்த அறிக்கை. ஆனால் அந்தப் பாறை நிலத்துத் தண்ணீரின் இயல்பை ஒட்டியது. கிணறு 400 அடி ஆழம், கேசிங் குழாய் 40 அடி. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டி.டி.எஸ். 1060, மொத்தக் கடினத்தன்மை 310, காரத்தன்மை 480, கால்சியம் 48, குளோரைடு 210, நைட்ரேட் 62, ஃபுளோரைடு 2.1. பி.எச். 7.8. கடைசி வரியில் ஈ.கோலி: 'இருக்கிறது'.

எண்களுக்குப் பக்கத்தில் இரண்டு வரம்புகள் அச்சாகியிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற தரநிலையிலிருந்து எடுத்தவை அவை. முதலாவது, இருக்க வேண்டிய அளவு. இரண்டாவது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சம். டி.டி.எஸ்.ஸுக்கு இவை 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. நமது எடுத்துக்காட்டில் இரண்டுமே நடுவில் விழுகின்றன. சுவை சற்றுக் கனமாக இருக்கும், ஹீட்டரில் வெள்ளைப் படிவு கட்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஃபுளோரைடுக்கு வரம்பு 1.0, உச்சம் 1.5. இங்கே 2.1, உச்சத்தையே தாண்டிவிட்டது. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் தளர்வே கிடையாது. ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்கும் தளர்வு இல்லை. தளர்வு தராத வரிகள்தான் உயிரோடு விளையாடுபவை என்று வைத்துக்கொண்டால் அறிக்கையைப் படிப்பது எளிதாகிவிடும்.

எண்களை நம்புவதற்கு முன் அறிக்கையின் தலைப்பகுதியைப் படிக்க வேண்டும். மாதிரி எடுத்த தேதி, நேரம், எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்ற விவரங்கள் அங்கே இருக்கும். 'மாதிரியை வாடிக்கையாளரே கொண்டுவந்தார்' என்று எழுதியிருந்தால், பாட்டிலுக்குள் இருந்த தண்ணீருக்கு மட்டுமே ஆய்வகம் பொறுப்பு என்று பொருள். பாட்டிலை நிரப்பியதில் தவறு நேர்ந்திருந்தால், உலகின் சிறந்த கருவியாலும் அதைத் திருத்த முடியாது.

மாதிரி எடுப்பதில் பலர் செய்யும் தவறு, மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடிப்பது. அது தொட்டியின் தண்ணீர். கிணற்றின் நிலையைச் சொல்லாது. மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் வெளியேறும்படி குறைந்தது பத்து நிமிடமாவது ஓடவிட்டு, கிணற்றுக்கு அருகிலுள்ள குழாயில் பிடிக்க வேண்டும். இரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். சோப்புப் போடாமல், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும்.

கிருமிச் சோதனைக்கு முறையே வேறு. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. குழாய் வாயைச் சுடரால் சுட்டோ ஸ்பிரிட்டால் துடைத்தோ சுத்தம் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டுப் பிடிக்க வேண்டும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் பிடித்து மறுநாள் பேருந்தில் கொண்டுபோன மாதிரியில் ஈ.கோலி இருந்தால், அது கிணற்றிலிருந்து வந்ததா பாட்டிலிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்களுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பும் உண்டு. கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மைக்கு அருகில் வர வேண்டும். நமது அறிக்கையில் கால்சியம் 48, மக்னீசியம் 46 என்றால் 120-ம் 189-ம் சேர்ந்து 309. அறிக்கை சொல்வது 310. பொருந்துகிறது. பெரிய வித்தியாசம் வந்தால் ஆய்வகத்திடம் தயங்காமல் கேட்கலாம்.

இனி ஃபுளோரைடு. யாரோ கொட்டிய கழிவிலிருந்து வருவதல்ல இது. தர்மபுரிப் பகுதியின் அடியிலுள்ள கருங்கல் வகைப் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் இருக்கின்றன. பாறை வெடிப்புகளில் பல காலம் தங்கும் தண்ணீர் அவற்றை மெல்லக் கரைக்கிறது. கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்து, கரைவதற்கு ஓர் எல்லை போட்டுவிடும். கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில் அந்தத் தடை தளர்கிறது. அறிக்கையில் கால்சியம் 48, காரத்தன்மை 480 என்று பார்த்ததுமே அனுபவமுள்ள வேதியியலாளரின் கண் ஃபுளோரைடு வரிக்குப் போவது இதனால்தான். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையும் இங்கே பலிக்காமல் போகலாம். பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர்தான் ஆழத்தில் கிடைக்கிறது.

2.1 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால் 8.4 மில்லிகிராம் ஃபுளோரைடு உடலுக்குள் போகிறது. அதே தண்ணீரில் சமைத்த சோறும் குழம்பும் தனிக் கணக்கு. சுமார் எட்டு வயதுவரை நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிறது. அந்த வயதில் பட்ட கறை பிறகு மாறாது. அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இந்தப் பகுதிகளுக்கு ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோயைத் தணிக்கத்தான். காவிரித் தண்ணீர் வரும் குழாய் தெருவில் இருக்கும்போது, குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வைப்பதுதான் முதல் தீர்வு.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டுமே. ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராக வற்றினால் 2.1 என்பது 2.8 ஆகிவிடும். நைட்ரேட்டும் அப்படியே. கேண்டில் ஃபில்டர், யு.வி. விளக்கு, கடினநீரை மென்னீராக்கும் கருவி ஆகியவற்றாலும் ஃபுளோரைடைக் குறைக்க முடியாது. ஆர்.ஓ. குறைக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டியும் குறைக்கும், ஆனால் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். விற்பனையாளர் பேனா போன்ற மீட்டரை டம்ளரில் விட்டு 'எண் குறைந்துவிட்டது பாருங்கள்' என்பார். அது மொத்த உப்பை மட்டும் தோராயமாகக் காட்டும் கருவி. ஃபுளோரைடு எவ்வளவு என்றோ கிருமி உண்டா என்றோ அதற்குத் தெரியாது. கருவி பொருத்தியபின் வடிகட்டிய தண்ணீரை ஆய்வகத்தில் ஃபுளோரைடுக்குச் சோதித்தால்தான் உறுதி.

நைட்ரேட்டையும் ஈ.கோலியையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஈ.கோலி மனித, விலங்குக் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் இருந்தால் மலக்கழிவு எங்கோ கலக்கிறது. கூடவே நைட்ரேட் 62 என்றால், பக்கத்துச் செப்டிக் டேங்க் அல்லது மாட்டுக் கொட்டகைமீது சந்தேகம் வலுக்கிறது. வயலுக்குப் போட்ட யூரியாவாலும் நைட்ரேட் கூடும். ஆனால் யூரியா ஈ.கோலியைக் கொண்டுவராது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கவே கூடாது. நைட்ரேட் கூடினால் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாயும்.

நைட்ரேட் வரியில் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் அதை நைட்ரேட்டாக எழுதும். சில, அதிலுள்ள நைட்ரஜனாக மட்டும் எழுதும். 62 என்று வந்த இதே தண்ணீர் இரண்டாவது முறையில் 14 என்று வரும். பக்கத்தில் 45 என்ற வரம்பைப் பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார். நைட்ரஜனாக எழுதியிருந்தால் ஒப்பிட வேண்டிய எண் சுமார் 10.

கிருமிக்கு மருந்து பிளீச்சிங் பவுடர். ஆறரை அங்குலக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். 60 மீட்டர் நின்றால் சுமார் 1,300 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்க, 25 சதவீத வீரியமுள்ள பவுடர் கால் கிலோ அளவு வேண்டும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, குழாய்களில் குளோரின் வாடை வரும்வரை மோட்டாரை ஓட்டி, இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டும். மறுநாள் வாடை போகும்வரை, செடிகளில் படாமல் வெளியேற்ற வேண்டும். ஓரிரு வாரம் கழித்து மீண்டும் சோதனை. மறுபடியும் ஈ.கோலி வந்தால் பவுடரைக் கூட்டுவது வீண். கேசிங் கெட்டிப்பாறைவரை இறங்கியிருக்கிறதா, அதைச் சுற்றிச் சிமென்ட் அடைத்திருக்கிறார்களா, கழிவுத் தொட்டி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

மழைக்கு முன்னும் பின்னும் நிலத்தடி நீரின் குணம் மாறும். கோடையில் எடுத்த ஒரே அறிக்கையை வைத்து ஆண்டு முழுமைக்கும் தீர்ப்பு எழுத முடியாது. மேலே சொன்ன கிணற்றின் தண்ணீரைத் துணி துவைக்கவும் வீடு கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். வாய்க்குள் போகும் எதற்கும் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான் குடிநீர் என்றால், இந்த மாதமே ஒரு கேன் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபுளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.