தேடுவதற்கே போகும் நேரம்

அக்காவின் லேப்டாப் 2018-ல் வாங்கியது. பள்ளியில் வேதியியல் எடுக்கிறார். கேள்வித்தாள், மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளுக்குக் காட்டும் வீடியோ எல்லாம் அதில்தான். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய், பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பழுது பார்க்கும் கடையில், “ரொம்பப் பழசு மேடம், புதுசாவே வாங்கிடுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். “நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லுடா” என்று என்னிடம் கொண்டுவந்தார்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் Performance பக்கத்தைப் பார்த்தேன். பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. எட்டு ஜி.பி. ராமில் பாதி காலியாக இருந்தது. Disk என்ற வரி மட்டும் 100%. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் படித்துக்கொண்டிருந்த அளவு நொடிக்கு இரண்டு எம்.பி.கூட இல்லை. நொடிக்கு நூறு எம்.பி. படிக்கக்கூடிய வட்டு அது. மூச்சு முட்ட வேலை செய்கிறது, கொடுப்பதோ சொட்டுச் சொட்டாக. இந்த இரண்டு எண்களும் ஏன் இப்படி முரண்படுகின்றன என்று புரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் வழவழப்பான வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஒரு ஹெட் மிதக்கிறது. கிராமஃபோன் ஊசி மாதிரி. ஆனால் தட்டைத் தொடாது. ஒரு கோப்பு வேண்டுமென்றால் முதலில் ஹெட் அது இருக்கும் வளையத்துக்கு நகர வேண்டும். லேப்டாப் வட்டுகளில் இதற்குச் சராசரியாக 12 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். நகர்ந்தபின், வேண்டிய இடம் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட். ஆக ஒரு துண்டைத் தேடிப் பிடிக்க மட்டும் பதினேழரை மில்லிசெகண்ட். இந்தக் கணக்கில் ஒரு நொடிக்கு 57 துண்டுகளைத்தான் எடுக்க முடியும். ஒவ்வொன்றும் 32 கே.பி. என்றால் மொத்தம் 1.8 எம்.பி. அக்காவின் திரையில் நான் பார்த்தது இதைத்தான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றும் கிடையாது. பென் டிரைவில் இருப்பதைப் போன்ற ஃப்ளாஷ் சிப்புகள், அவற்றை மேய்க்க ஒரு கண்ட்ரோலர் சிப், அவ்வளவுதான். எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட் போதும்.

இப்போது இரண்டு வேலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு ஜி.பி. அளவுள்ள ஒரு சினிமாவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க ஹார்ட் டிஸ்க்குக்கு 40 நொடி, சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு எட்டு நொடி. ஐந்து மடங்கு வித்தியாசம். வட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஹார்ட் டிஸ்க்குக்கு 175 நொடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். எஸ்.எஸ்.டி.க்கு ஒரே நொடி. கம்ப்யூட்டர் ஆன் ஆவதும், பிரவுசர் திறப்பதும், ஆன்டிவைரஸ் துழாவுவதும் எல்லாம் இரண்டாவது வகை வேலைகள். மின்னஞ்சலும் பாடக்குறிப்பும் மட்டும் பார்க்கும் ஒருவருக்குக்கூட எஸ்.எஸ்.டி. மாற்றியதும் வேறு இயந்திரம் போலத் தோன்றுவது இதனால்தான்.

கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும்போது நம்மைக் குழப்புவது இதற்கு அடுத்த கட்டம். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. என்று ஒரு பெட்டியில் அச்சிட்டிருக்கும். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 3,500 என்று இன்னொன்றில், 7,000 என்று மூன்றாவதில். இவை பொய் எண்கள் இல்லை. ஆனால் எல்லாமே அந்த சினிமாவை வரிசையாகப் படிக்கும் வேகம். சின்னத் துண்டைத் தேடும் நேரம் மூன்றிலும் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்குத் தாவினாலும் அந்தத் தாவல் உடம்பில் உறைக்கும். 3,500-லிருந்து 7,000-க்குப் போவது, தினமும் பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுபவரைத் தவிர மற்றவர்களுக்குக் கண்ணில் படாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர் அந்தப் பெரிய எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தைக் கொள்ளளவில் போடலாம்.

பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் வேறொன்றைப் பாருங்கள்: டி.எல்.சி. அல்லது க்யூ.எல்.சி. ஃப்ளாஷ் சிப்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு மின்னேற்றம் நிற்கிறது என்பதுதான் தகவல். டி.எல்.சி.யில் ஒரு குடத்தில் எட்டு அளவுக்கோடுகள், க்யூ.எல்.சி.யில் பதினாறு. கோடுகள் நெருங்க நெருங்க ஒரே குடத்தில் அதிகத் தகவல் அடங்கும், விலை இறங்கும். ஆனால் சரியான கோட்டில் நிரப்ப அதிக நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும். இந்த மந்தத்தை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் கொஞ்சத்தை அவசரத்துக்கு இறக்கிவைக்கும் திண்ணையாகக் கண்ட்ரோலர் பயன்படுத்துகிறது. டிரைவ் நிரம்பினால் திண்ணை சுருங்கும். அப்போது பெரிய கோப்பு ஒன்றை எழுதினால், விலை மலிவான க்யூ.எல்.சி. டிரைவின் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. “முதலில் பறந்தது, இப்போது நகரவே மாட்டேன் என்கிறது” என்று யாராவது சொன்னால், டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். தேவையைவிட ஒரு படி பெரிதாக வாங்கி, ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பது நல்லது.

தேய்மானம் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. 500 ஜி.பி. டி.எல்.சி. டிரைவ் ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கமான அளவு. தினம் 30 ஜி.பி. எழுதினாலும் அதைத் தொட 27 வருடம் ஆகும். அக்கா ஒரு நாளைக்கு அதில் பாதிகூட எழுதமாட்டார்.

அக்காவின் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் நிரம்பியிருந்தது 210 ஜி.பி.தான். அதனால் 500 ஜி.பி. போதும் என்று முடிவு செய்தோம். லேப்டாப்பில் சூயிங்கம் பட்டை போல மெல்லிய எம்.2 டிரைவுக்கு இடம் உண்டா என்று மாடலின் கையேட்டில் பார்த்தேன்; இல்லை. இருந்திருந்தாலும் கவனம் தேவை. ஒரே அளவுள்ள பட்டையில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு, சில பழைய லேப்டாப்புகளின் சொருகுமிடம் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். ஆகவே இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். டி.எல்.சி. என்று அச்சிட்டிருந்ததையே தேடி எடுத்தேன்.

கடையிலிருந்து சாட்டா வட்டை யு.எஸ்.பி.யில் மாட்டும் கேபிள் ஒன்றும் வாங்கி, புது டிரைவை வெளியிலிருந்து மாட்டி, குளோனிங் மென்பொருளால் முழுவதையும் நகலெடுத்தேன். அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படிக்க வேண்டியது பழைய வட்டு ஆயிற்றே. பிறகு பின்மூடியின் திருகுகளைக் கழற்றி வட்டை மாற்றினேன். மாற்றியபின் ஆன் செய்தால் இருபது நொடிக்குள் உள்நுழையும் திரை வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்த்தார்.

புது லேப்டாப் வாங்குபவருக்கு இவ்வளவு வேலை இல்லை. பெரும்பாலானவற்றில் எஸ்.எஸ்.டி. போட்டே வருகிறது. ஆனால் பழைய சரக்கிலும், மலிவான டெஸ்க்டாப்பிலும் “ஒரு டி.பி.” என்று பெரிதாக எழுதி ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கலாம். அதற்குப் பதில் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ளதையே எடுங்கள். டிரைவ் போர்டிலேயே பற்றவைத்ததா, பின்னாளில் மாற்ற முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாமா? வேண்டும், இடம்தான் வேறு. எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், இரண்டு கல்யாணங்களின் படங்களை ஒரே ஒரு வெளி எஸ்.எஸ்.டி.யில் வைத்திருந்தார். முதல் நாள் இரவுவரை ஓடியது. மறுநாள் காலையில் எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ட்ரோலர் சிப் போய்விட்டால் அப்படித்தான், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகப் போகும். ஹார்ட் டிஸ்க்கும் சாகும்; ஆனால் பல நேரம் டிக் டிக் என்று சத்தம் போடும், சில கோப்புகள் திறக்க மறுக்கும், நமக்குச் சில நாள் கிடைக்கும். தவறுதலாக அழித்த கோப்பும் ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்கக் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ, அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி ட்ரிம் என்ற கட்டளையை விண்டோஸே அனுப்பிவிடும். பிறகு மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

மின்சாரம் இல்லாமல் பீரோவில் வைத்தால் குடத்திலிருந்து மெல்லக் கசியவும் செய்யும். எழுதும் உத்தரவாத அளவு முழுவதையும் தீர்த்துவிட்ட வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவுகோல். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெயில் கூடக் கூட அந்தக் காலம் குறையும். வருடக்கணக்கில் எடுத்துவைக்கும் படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல், ஒரு ஜி.பி.க்கு ஆகும் விலையும் குறைவு.

அக்காவின் பழைய வட்டைத் தூக்கிப் போடவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பார்த்தேன். `05` என்ற வரி, கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களைச் சொல்லும்; `C5`, படிக்கத் திணறும் இடங்களை. இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு அதை மாட்டி, கேள்வித்தாள்களையும் படங்களையும் நகலெடுத்துவிட்டு அக்கா எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். போன வாரம் வந்ததிலும் `C5` பூஜ்யம்தான். அது ஒன்றாக மாறும் மாதம், புது ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுவது என்று பேசிவைத்திருக்கிறோம்.