தினம் 45 ரூபாய், கையில் 25 லட்சம்

"தினம் 45 ரூபாய் போடுங்கள், 25 லட்சம் எடுங்கள்." காப்பீட்டு முகவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பல ஆண்டுகளாக இப்படியொரு படம் சுற்றிவருகிறது. டீக்காசை மிச்சம் பிடித்தால் லட்சாதிபதி என்பதுபோல் படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. கணக்கிலும் தப்பில்லை. தப்பு அந்தப் படம் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

தினம் 45 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,425 ரூபாய். 35 ஆண்டுகளில் கட்டும் தொகை ஏறக்குறைய 5 லட்சத்து 75 ஆயிரம். இந்த மாதிரி எண்டோவ்மென்ட் பாலிசியில் காப்பீட்டுத் தொகை 5 லட்சம் ரூபாய்தான். மீதி 20 லட்சமும் போனஸ். ஆண்டுதோறும் நிறுவனம் தன் லாபத்தைக் கணக்கிட்டு அறிவிப்பதுதான் போனஸ். அறிவித்தபிறகு அது பாலிசியோடு சேர்ந்துவிடும், அதற்கு முன் அது வெறும் எதிர்பார்ப்பு. பாலிசியில் கையெழுத்திடும் நாளில் உறுதியாக இருப்பது அந்த 5 லட்சம் மட்டுமே. அதாவது, கட்டப்போகும் பணத்தைவிடக் குறைவு.

25 லட்சமே கிடைத்தாலும் அது ஆண்டுக்கு சுமார் 7 சதவீத வளர்ச்சிதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 35 ஆண்டு கழித்து வரும் 25 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு மூன்றேகால் லட்சம். இதைப் படத்தில் போட்டால் யாரும் ஷேர் செய்ய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2000ஆம் ஆண்டிலேயே விளம்பர விதிகளைக் கொண்டுவந்தது, 2021இல் புதுப்பித்தது. அதன் உயிர்நாடி எளிமையானது. ஒரு பாலிசியின் பெயர், பலன், பிரீமியம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றில் எதையாவது முகவர் தன் விளம்பரத்தில் தொட்டால், வெளியிடுவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். நிறுவனமே தயாரித்துக் கொடுத்த படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. முகவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அனுபவம், என்னென்ன வகைக் காப்பீடு தருகிறார் என்ற விவரம் மட்டும் இருந்தாலும் தனி ஒப்புதல் வேண்டாம். "ஸ்டேட்டஸ்தானே, 24 மணி நேரத்தில் போய்விடும்" என்ற சமாதானம் செல்லாது. நிறுவனம் கொடுத்த படத்தில் முகவர் தன் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்தால், அதுவும் அவருடைய விளம்பரம்தான்.

அப்படியானால் முகவர் எதைத்தான் எழுதலாம்? உண்மையில் மக்களுக்குத் தெரியாத விஷயங்கள்தான் அதிகம். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு கடந்தபின் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால், முன்மொழிவுப் படிவத்தில் மறைத்த சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் குடும்பத்தின் தலையில் விடியும். இதை இரண்டு நிமிட வீடியோவாகப் போட்டால் எந்தப் பாலிசியின் பெயரும் தேவையில்லை. போனஸ் எப்படி அறிவிக்கப்படுகிறது, பிரீமியம் கட்டத் தவறினால் பாலிசி எப்படி லேப்ஸ் ஆகிறது, கல்யாணத்துக்குப் பிறகு நாமினியை ஏன் மாற்ற வேண்டும் என்று எழுதினாலும் வரம்புக்குள்தான் இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் கமென்டில் முளைக்கிறது. போனஸ் பற்றி நல்ல பதிவு போட்டிருப்பார், கீழே ஒருவர், "அண்ணே, எனக்கு 30 வயசு, எவ்வளவு கிடைக்கும்?" என்பார். உற்சாகத்தில் "30 லட்சம் கேரண்டி தம்பி" என்று பதில் போட்ட நொடியில் பாடம் விளம்பரமாகிவிடும். சரியான பதில், "உங்க வயசுக்கு கம்பெனியோட பலன் விளக்க அட்டவணையை அனுப்புறேன், பார்த்துட்டுப் பேசலாம்" என்பதுதான். அந்த அட்டவணையில் உறுதியான தொகை தனியாகவும், 4 சதவீதம், 8 சதவீதம் என்ற இரண்டு அனுமானங்களில் வரக்கூடிய தொகை தனியாகவும் இருக்கும். இரண்டுமே உத்தரவாதம் அல்ல என்றும் அதில் எழுதியிருக்கும். 8 சதவீதப் பத்தியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் ஒட்டுவதுதான் ஊரறிந்த தந்திரம்.

யூலிப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சந்தை இறங்கினால் இழப்பு பாலிசிதாரருக்குத்தான். அதை முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில் விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2024இல் ஆணையம் சொல்லிவிட்டது. "முதல் பிரீமியத்தில் பாதியை நானே கட்டுகிறேன்" என்ற பதிவு வேறு வகைக் குற்றம்; கமிஷனில் பங்கு கொடுப்பதை 41ஆவது பிரிவு தடை செய்கிறது.

இப்படியொரு படத்தை நம்பி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், பாலிசி ஆவணம் கைக்கு வந்ததும் உறுதியான தொகை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால், ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக பிரீமியம் திரும்பி வரும்.