ஐந்நூறு ரூபாய் எதற்கு?

சென்னையில் ஒரு சின்ன கஃபே. முப்பது பேர் உட்காரலாம். சனிக்கிழமை மாலை ஒரு கிடார், ஒரு குரல் என்று நிகழ்ச்சி வைத்தார்கள். அதற்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதிக் கொடுத்தது நான். அலங்காரமாக நாலு வரி எழுதிவிட்டு, கடைசியில் 'கவர் சார்ஜ் ₹500' என்று முடித்திருந்தேன்.

அன்று ஒரு பெரியவர், வீட்டார் மூன்று பேருடன் வந்திருந்தார். பில்லைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நாங்க சாப்பிட்டதே 1,400 ரூபாய்க்குத்தான். அதுக்கு மேல தனியா 2,000 போட்டிருக்காங்களே, இது என்ன?" முன்பு போன இடத்தில் கவர் சார்ஜை சாப்பாட்டு பில்லில் கழித்துக் கொடுத்தார்களாம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார். கஃபேக்காரரோ அதை நுழைவுக் கட்டணமாக வைத்திருந்தார். இருவர் மேலும் தப்பில்லை. நான் எழுதிய அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது கோளாறு.

கவர் சார்ஜ் என்ற பெயரில் வெவ்வேறு ஏற்பாடுகள் நடக்கின்றன. சில இடங்களில் அது பாட்டுக்கான கட்டணம் மட்டும். சாப்பாட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் முழுத் தொகையையும் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம். பாதி கழியும், பாதி கழியாது என்பதும் உண்டு. எது என்பது கலைஞரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. கலைஞர்களுக்கு 9,000 ரூபாய் பேசியிருந்தால், தலைக்கு 300 வீதம் முப்பது பேரிடம் வாங்கினால் அது அப்படியே நேராகிவிடும். அப்போது கழித்துக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. முழுத் தொகையும் சாப்பாட்டில் கழியும் என்றால், அந்த 9,000 சமையலறை லாபத்திலிருந்து வர வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்ட இடங்களில் கவர் சார்ஜ் கூடுதலாக இருக்கும்.

சர்வீஸ் சார்ஜ் வேறு. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முன்கூட்டிச் சொல்லாத கவர் சார்ஜ் பில்லில் திடீரென்று முளைத்தால், வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே தலைக்கா, மேசைக்கா, சாப்பாட்டில் கழியுமா, வரி உண்டா, குழந்தைக்கு எவ்வளவு என்பதெல்லாம் கேப்ஷனிலேயே இருக்க வேண்டும்.

நேரத்திலும் இதே குழப்பம் வரும். 'மாலை 7 மணி' என்று மட்டும் போட்டால், அது கதவு திறக்கும் நேரமா, பாட்டு தொடங்கும் நேரமா? ஏழுக்கே வந்தவர் மைக் சோதனையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடியும் நேரத்தையும் போடுங்கள்; வீடு திரும்ப வண்டி பிடிக்க வேண்டியவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். திறந்த முற்றத்தில் நிகழ்ச்சி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க விதி இடம் தராது. ஒன்பதரைக்குள் முடிப்பதாகத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

சனிக்கிழமை இரவு 7.30, கிடாரும் குரலும். ஒருவருக்கு ₹300, வரி உட்பட.
இது பாட்டுக்கு மட்டும். சாப்பாட்டு பில் தனி. 10 வயதுக்குள் இலவசம்.
கதவு திறப்பு 7.00. முதல் பகுதி 7.30 – 8.15, இடைவேளைக்குப் பின் 8.35 – 9.20.
மொத்தம் 30 இருக்கை. பெயரையும் எத்தனை பேர் என்பதையும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். எண் எங்கள் பயோவில். பணம் கட்டியதும் இடம் உறுதி.
7.45 வரை உங்கள் மேசை காத்திருக்கும்.
வர முடியாவிட்டால் வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள், முழுப் பணமும் திரும்பும்.

நாள், நேரம், காசு மூன்றையும் முதல் வரியிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் ஓரிரு வரிதான் முதலில் தெரியும். மீதியைப் பார்க்கத் தட்டித் திறக்க வேண்டும். என் பழைய கேப்ஷனில் அந்த இடத்தை அலங்கார வரிகள் பிடித்துக்கொண்டிருந்தன. கேப்ஷனுக்குள் இணைப்பைப் போட்டால் தட்டித் திறக்க முடியாது என்பதால்தான் பயோவைக் காட்டினேன்.

7.45 வரிக்கு உடைமையாளர் முதலில் சம்மதிக்கவில்லை, முகத்திலடித்த மாதிரி இருக்கிறது என்றார். முதல் நிகழ்ச்சியில் பதிவு செய்துவிட்டு வராதவர்களின் இரண்டு மேசைகள் கடைசிவரை காலியாகக் கிடந்ததையும், வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு ஜோடி திரும்பிப் போனதையும் நினைவுபடுத்தினேன். ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையே முப்பது இடமும் நிரம்பிவிட்டது. உடனே கேப்ஷனைத் திருத்தி, எல்லாவற்றுக்கும் மேலே 'இடங்கள் நிறைந்துவிட்டன' என்று சேர்த்தோம்.